எட்டு மணிக் கண்ணயர்வு

பெரியப்பாவுக்கு வயது 74. கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி உண்டு. இரவு ஏழரை மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுவார். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பிக்கும்போது நாற்காலியில் சாய்ந்தால், பெயர் போட்டு முடிவதற்குள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பெரியம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடரைப் பார்ப்பார். எட்டே முக்கால் வாக்கில் வாசல் கேட் சத்தத்திலோ அடுக்களைப் பாத்திரச் சத்தத்திலோ விழித்துக்கொள்வார். தூங்கினீர்களா என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "கண்ண மூடிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்பார்.

பத்தரைக்குக் கட்டிலில் படுப்பார். அதன் பிறகுதான் அவஸ்தை. பதினொன்றுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார். பன்னிரண்டுக்கு மின்விசிறியைக் குறைப்பார். ஒரு மணிக்குத் திரும்பவும் கூட்டுவார். விடிகாலை இரண்டு மணிக்கு மேல் ஒரு மாதிரி கண் மூடும். போன வருடம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, "நாற்காலில வர்ற தூக்கம் கட்டில்ல வரமாட்டேங்குதுடா. டாக்டர்கிட்ட ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக் கொடு" என்றார்.

நாற்காலியில் வந்த தூக்கமும் கட்டிலில் வராத தூக்கமும் வேறு வேறு அல்ல. கட்டிலுக்கு என்று பகல் முழுதும் சேர்ந்த ஒன்றை அவர் நாற்காலியிலேயே செலவழித்துவிடுகிறார். அந்த ஒன்றுக்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது மூளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. தூங்கும்போது இறங்குகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறதோ அந்த அளவுக்கு இரவின் முதல் தூக்கம் ஆழமாக இருக்கும்.

விழித்திருக்கும் மூளையில் ஏதோ ஒரு பொருள் சேர்கிறது என்ற எண்ணம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஜப்பானில் குனியோமி இஷிமோரி என்பவர் 1909-இல் தூங்கவிடாமல் வைத்திருந்த நாய்களின் மூளையிலிருந்து ஒரு சாற்றை எடுத்து, நன்றாகத் தூங்கியிருந்த நாய்களுக்குச் செலுத்தினார். அவை தூங்கிப்போயின. அதை அறியாமலே பிரான்சில் லெஜாந்த்ரும் பியரோனும் ஏறக்குறைய அதே சோதனையைச் செய்தார்கள். பல நாட்கள் தூங்காத நாயின் மூளைத் தண்டுவட நீரை இன்னொரு நாய்க்குச் செலுத்தியபோது அதுவும் மணிக்கணக்கில் தூங்கியது. இரண்டு இடத்திலும் வந்த முடிவு ஒன்றுதான். ஆனால் அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க அன்றைய வேதியியலால் முடியவில்லை.

அதற்கு இன்று மிக வலுவான பதில் அடினோசின். இது வெளியிலிருந்து வருவதல்ல, உடம்பு எந்நேரமும் செய்துகொண்டே இருக்கிற சிறிய மூலக்கூறு. செல்களுக்கு எரிபொருள் ஏ.டி.பி. என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்பது அதன் முழுப்பெயர். ஓர் அடினோசினோடு மூன்று பாஸ்பேட் கோத்திருக்கும். வேலை நடக்க நடக்கப் பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் வெறும் அடினோசின் மிஞ்சும். விறகு எரிந்தபின் அடுப்பில் சாம்பல் தங்குகிற மாதிரிதான். மூளைச் செல்கள் விழித்திருக்கும்போது அதிகமாக எரிக்கின்றன. அதனால் செல்களுக்கு இடையே உள்ள நீரில் அடினோசினும் அதிகமாகச் சேர்கிறது.

இதை மூளைக்குள்ளேயே அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் பின்லாந்துக்காரரான டார்யா போர்க்கா-ஹைஸ்கனன். அவரும் அமெரிக்காவில் ராபர்ட் மெக்கார்லியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் 1997-இல் பூனைகளின் மூளைக்குள் முடி போன்ற மெல்லிய குழாயை வைத்து, அங்கிருக்கும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துச் சோதித்தார்கள். பூனைகளோடு விளையாடியும் தொட்டு எழுப்பியும் ஆறு மணி நேரம் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மூளையின் முன்பக்க அடிப்பகுதியில், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற செல்கள் இருக்கிற இடத்தில், அடினோசின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பூனைகளைத் தூங்க விட்டதும் அது மெதுவாக இறங்கத் தொடங்கியது.

இதோடு நின்றிருந்தால் ஒன்று கூடியது, கூடவே தூக்கமும் வந்தது என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். அவர்கள் அடுத்ததாகச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூனைகளை விழிக்க வைக்காமலே, அடினோசினைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்வதைத் தடுக்கும் ஒரு மருந்தை அதே இடத்தில் கசியவிட்டு, அதன் அளவை மட்டும் உயர்த்தினார்கள். பூனைகள் தூங்கின. மூளையின் வேறொரு பகுதியான தலாமஸில் அடினோசினை அதே அளவு உயர்த்தியபோது அப்படித் தூக்கம் கூடவில்லை. ஆக, அடினோசின் சேரும் இடமும் இங்கே கணக்கில் வருகிறது.

அடினோசின் இரண்டு வகையில் தூக்கத்தை வரவழைக்கிறது. நரம்புச் செல்களின் மேல் அதற்கென்று அமைந்த இருக்கைகள் உண்டு. ஏற்பிகள் என்பார்கள். ஒரு வகை ஏற்பியில் அது போய் உட்கார்ந்தால் விழிப்பைத் தாங்கும் செல்கள் அடங்குகின்றன. இன்னொரு வகையில் உட்கார்ந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் செல்கள் வேலை தொடங்குகின்றன. ஒரு பக்கம் விளக்கை இறக்கி, இன்னொரு பக்கம் பாய் விரிக்கிற வேலை.

அழுத்தம் ஏறியிருக்கிறதா என்பது தூங்குகிறவரின் மூளை அலைகளில் தெரியும். தலையில் மின்முனைகளை ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தால், ஆழ்தூக்கத்தின்போது நொடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய, மெதுவான அலைகள் வரும். கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்து ஒரே நேரத்தில் எழுவதால்தான் அலை அவ்வளவு உயரமாக இருக்கிறது. நீண்ட பகலுக்குப் பிறகு வரும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் இந்த அலைகள் மிகப் பெரியவை. அடுத்தடுத்த சுற்றுகளில் சிறுத்துக்கொண்டே போய், விடியும் நேரத்தில் அநேகமாக இருக்காது. முன்னிரவில் எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திகைக்கிறோம், விடிகாலையில் காக்கை கரைந்தாலே விழித்துவிடுகிறோம் என்பதற்குக் காரணம் இதுதான்.

தூக்கத்தை நெடுநேரம் தள்ளிப்போட்டால் மூளை எதை முதலில் மீட்கிறது என்பதற்கு ராண்டி கார்ட்னர் என்ற பையனின் கதையை விடத் தெளிவான சாட்சி இல்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில் 17 வயதுப் பள்ளி மாணவன். அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து, 1964 ஜனவரி வரை 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், தூங்காமல் இருந்தான். தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் அவனைக் கூடவே இருந்து கவனித்தார். அவன் இழந்தது ஏறக்குறைய 75 மணி நேரத் தூக்கம். அவ்வளவையும் ஈடுகட்ட ஒரு வாரம் தூங்குவான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் இரவில் 15 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தூங்கினான். அடுத்த இரவில் பத்தரை மணி நேரம் போல. பிறகு வழக்கமான கணக்குக்கு வந்துவிட்டான். இழந்த மொத்தத் தூக்கத்தில் கால்வாசி கூடத் திரும்பி வரவில்லை என்றாலும், மிக ஆழமான தூக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு போல மீட்டுக்கொண்டான். மேலோட்டமான தூக்கத்தைப் பற்றி மூளை கவலைப்படவே இல்லை. கடன் திரும்பும்போது நேரத்தை நீட்டி வருவதை விட ஆழத்தைக் கூட்டித்தான் வருகிறது. (அந்த 11 நாட்களில் அவனுக்கு எரிச்சலும் மறதியும் பேச்சுக் குழறலும் வந்தன. யாரும் முயன்று பார்க்க வேண்டிய காரியம் அல்ல.)

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்காக எழுதிக் காட்டியவர் சூரிச் நகரத்து அலெக்சாண்டர் போர்பேலி. 1982-இல் அவர் சொன்னது, தூக்கத்தை இரண்டு கைகள் சேர்ந்து நடத்துகின்றன என்பது. ஒன்று நாம் பேசிக்கொண்டிருக்கிற அழுத்தம். மற்றது மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். அழுத்தத்தைப் பற்றி அவரும் சகாக்களும் இளைஞர்களின் ஈ.ஈ.ஜி.யை வைத்துக் கண்ட ஒரு விஷயம் பெரியப்பா கதைக்கு மிக முக்கியம். அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தூங்கும்போது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் இறங்கும். அப்படி இருப்பதால்தான் 16 மணி நேர விழிப்பை 8 மணி நேரத் தூக்கம் அடைக்க முடிகிறது.

அந்தக் கணக்கில் பெரியப்பாவின் ஒரு நாளைப் போட்டுப் பார்த்தேன். அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் 100-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத் தூங்கிக் காலை 6 மணிக்கு எழும்போது அது 9 போல இருக்கும். இரவு 8 மணிக்கு 58 ஆகும். இடையில் கண்ணயராமல் பத்தரை வரை விழித்திருந்தால் 63 ஆகியிருக்கும். படுத்த கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரும்.

அவர் 8 மணிக்குக் கண்ணயர்கிறார். 45 நிமிடத்தில் 58 என்பது 48-ஆக இறங்கிவிடுகிறது. அதன்பின் பத்தரை வரை விழித்திருந்து ஏற்றினாலும் 53-தான் வருகிறது. அந்த 53 என்பது, கண்ணயராத நாளில் மாலை 6 மணிக்கு இருந்திருக்கும் அழுத்தம். பத்தரை மணிக்குக் கட்டிலில் படுத்த பெரியப்பாவை அவருடைய மூளை மாலை 6 மணி ஆள் மாதிரி நடத்துகிறது. மாலை ஆறுக்கு அவரைப் படுக்கச் சொன்னால் தூங்குவாரா? சரி, அந்த 63-ஐ அவர் எப்போது எட்டுவார் என்றும் போட்டேன். விடிகாலை 3 மணிக்குப் பக்கத்தில் வந்தது. முக்கால் மணி நேரம் நாற்காலியில் சாய்ந்ததற்கு நாலரை மணி நேரம் விலை.

இது இளைஞர்களை வைத்துச் செய்த கணக்கு, மணி பிசகாமல் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அரைத்தூக்கமாக இருந்தால் இறக்கமும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு மணிக்கு ஏற்கெனவே அழுத்தம் கூடியிருப்பதால் அந்த நேரத்துக் கண்ணயர்வு எளிதாக ஆழத்துக்குப் போய்விடுகிறது. மதியத்தில் அப்படி அல்ல. அதே கணக்கில், ஒன்றரை மணிக்கு 20 நிமிடம் சாய்ந்து எழுந்தவருக்குப் பத்தரைக்கு அழுத்தம் 61 வந்துவிடுகிறது. இழப்பு ஒன்றேகால் மணி நேரம் போலத்தான், அதுவும் படுக்கும் வரை ஏறிக்கொள்ள நேரம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய குட்டித் தூக்கம் பெரிதாகக் கெடுக்காததும், மாலைத் தூக்கம் இரவையே தின்றுவிடுவதும் இதனால்தான்.

அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் மாலை ஏழு எட்டு மணிக்கு நாம் ஏன் காலையை விடச் சுறுசுறுப்பாக இருக்கிறோம் என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது கை வருகிறது. உடல் கடிகாரம் பகல் முழுதும் விழிப்பை மேலே தூக்கிப் பிடிக்கிறது. வழக்கமாகப் படுக்கிற நேரத்துக்கு ஓரிரு மணி முன்பு அந்தப் பிடி உச்சத்தில் இருக்கும். ஏறிக் கிடக்கிற அழுத்தத்தை அது தாங்கிக்கொள்கிறது. படுக்கிற நேரம் நெருங்கும்போது பிடியை விடுகிறது, அழுத்தம் முழுசாக மேலே வந்து விழுகிறது. கல்யாண வீட்டில் இரவெல்லாம் விழித்தவர்களுக்கு விடிகாலை நாலு மணிக்குக் கண் சொருகி, காலை ஒன்பதுக்குத் தெளிவு வந்த மாதிரி இருப்பதும் அந்தக் கடிகாரத்தின் வேலை. அழுத்தம் அப்போது குறையவே இல்லை. வயதானவர்களிடம் மாலைப் பிடி தளர்ந்துபோகிறது. தொலைக்காட்சி வெளிச்சத்திலும் பேச்சுச் சத்தத்திலும் பெரியப்பாவால் தூங்க முடிவதற்கு அது ஒரு காரணம்.

இனி காபி. பெரியப்பாவுக்கு மாலை ஐந்து மணிக்கு டிகாக்ஷன் தூக்கலாக ஒரு டம்ளர் உண்டு. காபியில் இருக்கும் காஃபின் அடினோசினைக் கரைப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பேருந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதைத்தான் காஃபின் செய்கிறது. அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பிகளில் போய்த் துண்டு போட்டுவிடுகிறது. உட்காரவும் இல்லை, உட்கார விடவும் இல்லை. பயணிகள் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள், நின்றுகொண்டிருக்கிறார்கள். துண்டை எடுத்ததும் மொத்தமாக உட்காருகிறார்கள். காபி தெளிந்தபின் ஒரேயடியாகக் கண்ணைச் சுழற்றுவது அப்போதுதான். தூக்கத்தைக் கொண்டுவரும் அந்த இரண்டாவது வகை ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் காஃபின் கொடுத்தால் விழிப்பே கூடவில்லை என்று 2005-இல் காட்டினார்கள். காபியின் சக்தி இந்த இருக்கைகளில்தான் இருக்கிறது.

குடித்த காஃபினில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் நீளும். மாலை ஐந்து மணி டம்ளரில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கிறது, கால்வாசி விடிகாலை மூன்றுக்கும் இருக்கிறது. காபி குடித்தும் எனக்குத் தூக்கம் வருகிறது என்பவர்கள் பலர். அவர்களுக்குத் தூக்கம் வரலாம், ஆனால் ஈ.ஈ.ஜி.யில் பார்த்தால் முன்னிரவின் மெதுவலைகள் குறைந்திருக்கும். ஆழம் போனதைத் தூங்குகிறவர் அறிய மாட்டார். காலையில் எழும்போது இன்னும் கொஞ்சம் படுத்தால் தேவலை என்று தோன்றும், அதற்கும் ஒரு காபி போடச் சொல்வார்.

அழுத்தம் என்பது வெறும் மணிக்கணக்கு மட்டுமல்ல என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. ரெட்டோ ஹூபரும் கியூலியோ டொனோனியும் சகாக்களும் 2006-இல் சிலருடைய ஒரு கையைப் பகல் முழுதும் அசையாமல் கட்டிவைத்தார்கள். அன்று இரவு தூக்கத்தில், அந்தக் கையை இயக்கும் மூளைப் பகுதியில் மட்டும் மெதுவலைகள் சிறுத்திருந்தன. அதற்கு முன் செய்த சோதனையில், கையைக் கொண்டு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களுக்கு அதற்குரிய பகுதியில் அலைகள் பெருத்திருந்தன. பகலில் உழைத்த பகுதி இரவில் ஆழமாகத் தூங்குகிறது. நாள் முழுதும் ஒரே நாற்காலியில், ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதியவரின் பதினாறு மணி நேரமும், கடைக்குப் போய், பேரம் பேசி, தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவரின் பதினாறு மணி நேரமும் ஒன்றாகாது என்றே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாமே அடினோசின்தான் என்று சொல்லிவிட முடியாது. முன்பக்க அடிப்பகுதியில் உள்ள குறிப்பிட்ட செல்களை அழித்தபின் எலிகளுக்கு விழித்திருந்தாலும் அங்கே அடினோசின் சேரவில்லை, ஆனாலும் அவை இழந்த தூக்கத்தை மீட்டன என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. மூளை இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வைத்திருக்கிறது. இன்னொரு எல்லையும் உண்டு. எட்டு மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் கண் சொருகுகிறவருக்குச் சிக்கல் அழுத்தம் சேராதது அல்ல, சேர்ந்தது இரவில் இறங்காதது. பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி இருந்தால், மூச்சு தடைபட்டு ஆழ்தூக்கம் துண்டு துண்டாகிறது என்று அர்த்தம். அவர் மாலையில் விழித்திருந்து பயனில்லை, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவுக்குக் குறட்டை இல்லை. மாத்திரை கேட்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன், எங்கெல்லாம் கண்ணயர்ந்தேன். பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறார், எட்டு மணி நேரம் கட்டிலில். அதில் தூங்கியது நாலரை, ஐந்து மணி நேரம். நாற்காலித் தூக்கத்தை முதல் நான்கு நாள் எழுதவே இல்லை, ஐந்தாம் நாள் பெரியம்மா எழுதிவைத்தார்.

தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் சிகிச்சை தருகிறவர்கள் இதே அழுத்தத்தைத்தான் கருவியாக்குகிறார்கள். ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் எழுதிய முறை அது. உண்மையில் எவ்வளவு தூங்குகிறாரோ ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கட்டிலில் இருக்கலாம், ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது, எழும் நேரம் மாறக் கூடாது. அழுத்தம் கூடிக் கட்டிலில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கமாகும்போது, பதினைந்து நிமிடம் போலக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் வாரத்தில் பகலில் தூக்கம் தள்ளும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனநிலை ஏறி இறங்கும் இருதுருவ நோய் உள்ளவர்கள் தாமாக இதைச் செய்யக் கூடாது. பெரியப்பா விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றே மாற்றங்கள். மாலை ஐந்து மணிக் காபி மதியம் இரண்டுக்கு நகர்ந்தது. எட்டு மணிக்கு நாற்காலி மடக்கி வைக்கப்பட்டு, அவர் பெரியம்மாவோடு தெரு முனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்துவிட்டு வந்தார். படுக்கை பதினொன்றுக்குத் தள்ளிப்போனது, எழும் நேரம் ஆறு என்று நின்றது.

முதல் மூன்று நாள் ஒன்பது மணிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடுமாம். பெரியம்மா தாயக்கட்டையை எடுத்து வைத்து விளையாடக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் நோட்டில் "11.20" என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் வாரத்தில் தூங்கிய நேரம் ஆறு மணிக்குச் சற்று மேல் வந்தது. விடிகாலை நாலரைக்கு ஒரு முறை இன்னும் விழிக்கிறார். அதை இந்த வழியில் மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வயதில் மெதுவலைகளே குட்டையாகிவிடுகின்றன, முன்னிரவிலேயே அழுத்தம் தீர்ந்துவிடுகிறது. போன வாரம் போனில் பேசினார். நாலரைக்கு விழித்துக் கிணற்றடியில் உட்கார்ந்து பால்காரர் வரும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பகலில் கண்ணயரத் தோன்றுவதில்லை என்றும் சொன்னார்.